‘ஃபாப்ரிகா’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நா.: மிலான் பேராலயம் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்தப் பேராலயத்தின் கட்டுமானத்தைக் கவனிக்க 1387-இல் தொடங்கிய ‘ஃபாப்ரிகா’ என்ற அமைப்புக்குச் சொல் வேண்டும். முதல் வரைவில் ‘தொழிற்சாலை’ என்று வந்திருக்கிறது.

செ.: அதில் என்ன தவறு? இத்தாலியில் ஆலைக்கு இன்றும் அந்தச் சொல்தானே? வேண்டாமென்றால் ‘கம்மாலை’ எனலாம். இலத்தீனில் ஃபாபர் என்றால் கம்மியன்.

ம.: செ. ஐயா, பட்டறை அதில் ஒரு மூலைதான். கண்டோலியா மலையில் பளிங்கு வெட்டும் உரிமையை அன்றைய மிலான் ஆட்சியாளர் ஜான் கலியாத்சோ விஸ்கோன்டி பேராயருக்கோ தலைமைச் சிற்பிக்கோ தரவில்லை, இந்த அமைப்புக்கே தந்தார். யார் செத்தாலும் குவாரி கைமாறாது. கல் தோசே ஆற்றில் இறங்கி, மஜ்ஜோரே ஏரி, திச்சீனோ ஆறு, நாவில்யோ கிராந்தே கால்வாய் வழியாகப் படகில் வந்தது. ‘ஃபாப்ரிகாவின் பயனுக்கு’ என்பதன் இலத்தீன் முதலெழுத்துகள் பொறித்த சரக்குக்கு வழியில் சுங்கம் கிடையாது. முதலில் கால்வாய் ஊருக்கு வெளியே சாந்த் எவுஸ்தோர்ஜோ தேவாலயத்தின் அருகே முடிந்துவிட்டது. அங்கிருந்து பேராலயம்வரை வண்டியில்தான் கொண்டுவர வேண்டும். பின்னால் மடைக்கதவு வைத்து நீர்மட்டத்தை ஏற்றிப் படகை நகருக்குள் கொண்டுவந்தார்கள். உண்டியல் காசு, உயிலில் வந்த சொத்து எல்லாம் இதன் கணக்கில்தான். காணிக்கையாக வந்த துணிமணி, நகையை விற்றுக் காசாக்கியதும் இதுவே.

க.: எங்கள் ஊர்க் கோயிலில் இதைத் ‘திருப்பணிக் குழு’ என்போம். ரசீதுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.

ம.: கும்பாபிஷேகம் முடிந்ததும் உங்கள் குழு கலைந்துவிடுமே, அம்மா! இது இன்றும் கலையவில்லை, குவாரியும் இதன் கையில்தான். ஆளை அமர்த்துவதும் அனுப்புவதும்கூட இவர்கள்தான். 1391-இல் வந்த ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஹைன்ரிஷ் பார்லர் மறு ஆண்டே போனார். 1399-இல் வந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் மின்யோ, தாங்குசுவர்கள் போதாது, கட்டடம் விழும் என்றார். சபை கூடி வாதாடி, 1401-இல் அவரையும் அனுப்பிவிட்டது. வேலை நிற்கவில்லை.

செ.: விழுந்ததா?

ம.: இல்லை. ஆனால் மின்யோ கேட்டது முழுத் தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

த.: அப்படியானால் ‘வாரியம்’. உத்திரமேரூரில் ஏரிக்கே வாரியம் இருந்தது. ‘திருப்பணி வாரியம்’.

செ.: கேட்டதும் மின்கட்டணம்தான் நினைவுக்கு வரும். அதோடு ‘திரு’ எதற்கு? பாடநூலில் பக்தி வேண்டாம். கம்மாலை சங்ககாலக் கம்மியரின் தொடர்ச்சி.

த.: ‘கம்’ பிராகிருதத்தின் ‘கம்ம’ என்று சொல்வோரும் உண்டே!

செ.: அதற்குத் தனி இழை போடுகிறேன். கருமத்திலிருந்து கம் வரவில்லை.

நா.: அந்த இழையை வெள்ளிக்குப் பிறகு பார்ப்போமே. ‘திருப்பணி வாரியம்’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘ஃபாப்ரிகா’ சேர்க்கிறேன். மூவர் சரி என்றால் போதும்.

க.: சரி. ‘குழு’ இருந்திருக்கலாம்.

த.: சரி.

ம.: சரி. அத்தியாயத்தில் ‘கட்டி முடித்தார்கள்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். முகப்பு 19ஆம் நூற்றாண்டில்தான் முடிந்தது, கடைசிக் கதவு 1965-இல்.

செ.: என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். கம்மாலை.