ஒளியுரையா, நிழலுரையா? ஒரு கலைச்சொல் வேண்டும்

ஈரோட்டிலிருந்து

வணக்கமுங்க. பொருட்களைப் படமெடுக்கப் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கேமராவைக் கொடுப்பதில்லை. மனதுக்குப் பிடித்த பொருள் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பத்து நிமிடம் பார்த்து, கண்ணில் பட்டதை எழுதச் சொல்வேன். பிறகு படத்தை மூடி வைத்துவிட்டு, எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு பொருளைப் படமெடுக்க வேண்டும். அந்த எழுத்துக்குத் தமிழில் பெயர் இல்லை. 'பட விளக்கம்' என்றால் படத்துக்கு அடியில் போடும் வரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு தேன் குப்பி படத்தைப் பார்த்து போன வாரம் எழுதியது இது:

"நிழல் நேராக வலப்பக்கம் விழுகிறது. நீளம், நிற்கும் பொருளின் உயரத்தில் பாதி. அடியை ஒட்டிய இடத்தில் நிழலின் ஓரம் தெளிவு. நுனிக்குப் போகப் போகக் கலங்குகிறது. கண்ணாடியின் இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைப் பட்டை. மூடியின் மேல்வட்டம் மெலிந்த நீள்வட்டமாகத் தெரிகிறது. பொருள் இடப்பக்க மூன்றிலொரு பங்கில். நிழல் விழ வலப்பக்கம் காலி."

இதில் தேன் என்ற சொல்லே இல்லை, பாருங்க. ஆனால் விளக்கு இடப்பக்கம், அறுபது பாகைக்குச் சற்று மேலே இருந்தது என்று தெரிந்துவிடுகிறது. பட்டை ஒன்றுதான் என்பதால் விளக்கும் ஒன்றுதான் இருக்கும். கேமரா மூடியைவிடக் கொஞ்சம் உயரத்தில். நாளைக்கு அங்கே ஒரு பித்தளைச் சொம்பை வைத்தாலும் இந்தக் குறிப்பு உதவும். இதற்கு என்ன பெயர் வைக்கலாம்?

கோவையிலிருந்து

இது வலைப்பக்கத்துப் படத்தின் `alt` பண்புக்கு எழுதும் மாற்றுரைதானே அண்ணா? கண் தெரியாதவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவது. அப்படியென்றால் 'தேன் குப்பி' என்பதுதான் முதலில் வரணும். நீங்கள் அதையே விட்டுவிட்டீர்கள்.

பவானியிலிருந்து

கோவைத் தம்பி கேட்பது வேறு. மாற்றுரை படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும். ஈரோட்டார் கேட்பது, அது எப்படி அப்படி ஆனது என்று சொல்லும் எழுத்து. நம் உரைகாரர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். பொழிப்புரை பாட்டின் கருத்தைத் திரட்டித் தருவது. பதவுரை சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுவது. இது பதவுரையின் இனம். ஆகவே 'ஒளியுரை' என்று முன்மொழிகிறேன். உரை எழுதியவர் மூலத்தைத் தன் பாட்டென்று சொல்லிக்கொள்வதில்லை; நகலெடுப்பதில்லை என்ற பொருளும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. நிழலின் ஓரம் கலங்கியிருக்கிறது என்றால் விளக்கு மங்கல். சரிதானே?

ஈரோட்டிலிருந்து

புலவரய்யா, 'உரை' எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. விளக்கு மங்கல் என்பது மட்டும் அப்படி இல்லைங்க. சின்ன டார்ச் மங்கலாகத்தான் எரியும். ஆனாலும் சுவரில் கூர்மையான நிழல் விழும். ஓரத்தைத் தீர்மானிப்பது, பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். சூரியன் எவ்வளவோ பெரிது, ஆனால் அத்தனை தூரத்தில் காசு போலத் தெரிவதால் உச்சிவெயில் நிழல் கூர்மையாக இருக்கிறது. மேகம் மூடினால் வானமே விளக்காகிவிடுகிறது, நிழல் கரைகிறது.

இதில் எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். வெள்ளை வேட்டியை பல்பை ஒட்டிக் கட்டிவிட்டு, நிழல் இன்னும் கூர்மையாக இருக்கிறதே என்கிறார்கள். துணியில் ஒரு கையகலம்தான் ஒளிர்ந்தால் விளக்கின் அளவும் அந்தக் கையகலம்தான். பல்பைப் பின்னால் நகர்த்தி, துணி முழுக்க வெளிச்சம் பரவவிட்டு, துணியைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுவரணும்.

நீளத்தை அளப்பதிலும் ஒரு எல்லை இருக்கிறது. நிழல் பக்கவாட்டில் விழுந்தால்தான் அந்தப் பாதிக் கணக்கு பொருந்தும். நம்மை நோக்கி விழும் நிழல் படத்தில் குறுகித் தெரியும்.

காங்கேயத்திலிருந்து

அண்ணா, நான் செக்கு எண்ணெய் விற்கிறேன். சொல் பற்றி எனக்குத் தெரியாது, என் கதையைச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி ஒரு தேன் படத்தைப் பார்த்து நானும் எழுதினேன்: "தங்கம் போல் மின்னுகிறது, வெதுவெதுப்பாக இருக்கிறது." பிறகு முன்னால் பெரிய விளக்காக வைத்து என் நல்லெண்ணெய்க் குப்பியை எடுத்தேன். எண்ணெய் கறுப்பாக வந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் கண்ணாடிதான் பளிச்சிடுகிறது, உள்ளே அதே கறுப்பு.

ஈரோட்டிலிருந்து

அம்மிணி, 'தங்கம் போல்' என்பது உங்கள் மனசில் நடந்தது. படத்தில் நடந்ததை எழுதுங்க. அந்தத் தேன் படத்தை மறுபடி கையில் எடுத்து, குப்பியின் நடுப்பகுதி எப்படி இருக்கிறது, இரண்டு ஓரமும் எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்க.

காங்கேயத்திலிருந்து

நடு நல்ல வெளிச்சம். இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கருங்கோடு. பின்னணி சாம்பல். ஆனால் தேன் பின்னணியைவிட வெளிச்சமாக இருக்கிறது! இதை நான் கவனிக்கவே இல்லை.

ஈரோட்டிலிருந்து

அந்தக் கடைசி வரிதான் உங்கள் ஒளியுரை. பின்னணியைவிடத் தேன் வெளிச்சமாக இருந்தால், குப்பிக்குப் பின்னால் நம் கண்ணுக்கு மறைவாக ஏதோ ஒளிர்கிறது. தெளிந்த எண்ணெய்க்கு நிறம், அதை ஊடுருவி வரும் வெளிச்சத்தால்தான். முன்னாலிருந்து அடித்தால் கண்ணாடி திருப்பி அனுப்புவது போக மீதி பின்பக்கமாகப் போய்விடும். ஓரக் கருங்கோடு வருவது, அங்கே குப்பியின் வளைவு ஒளியை மடக்கி, பக்கத்து இருட்டைக் கொண்டுவந்து காட்டுவதால்.

வெள்ளை அட்டையைக் குப்பியின் வடிவத்தில், சுற்றிலும் அரை விரல் குறைத்து வெட்டுங்க. குப்பிக்குப் பின்னால் ஒட்டினாற்போல, மேல்நுனியைப் பின்னுக்குச் சாய்த்து நிறுத்துங்க. பக்கவாட்டில் சற்று மேலே, அட்டையின் முன்முகத்தைப் பார்த்தபடி விளக்கு இருந்தால் அட்டையில் படும்.

சென்னிமலையிலிருந்து

எனக்கும் ஒரு சந்தேகம். வேறொரு கடையின் பெட்ஷீட் படத்தைப் பார்த்து "மரக்கட்டில், பித்தளைச் சொம்பு, இடப்பக்கம் ஜன்னல்" என்று எழுதி அப்படியே எடுத்தேன். வீட்டில் பார்த்தவர்கள் ரெண்டும் ஒரே படம் என்கிறார்கள். எழுதித்தானே எடுத்தேன்?

ஈரோட்டிலிருந்து

நீங்கள் எழுதியது சாமான் பட்டியல். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒளிப்படமும் கலைப்படைப்புதான். எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் காப்பு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஒரு நாடக வழக்கில் சொல்லியிருக்கிறது. பக்கத்திலிருந்து வெளிச்சம் விடுவது எண்ணம்; கட்டிலும் சொம்பும் அதே இடத்தில் அதே கோணத்தில் என்றால் அது அவருடைய படம். எழுதி முடித்ததும் பொருட்பெயர்களை எல்லாம் அடித்துவிடுங்க. உங்கள் குறிப்பில் ஜன்னல் மட்டும்தான் மிஞ்சும். "நூலின் மேடுபள்ளம் தனித்தனியாகத் தெரிகிறது" என்று எழுதியிருந்தால், வெளிச்சம் துணியை உரசிக்கொண்டு தாழ்வாக வந்தது தெரிந்திருக்கும்.

கோவையிலிருந்து

மாற்றுரை இல்லை என்று புரிந்தது. 'ஒளியுரை' மேல் ஒரு தடை உண்டு. போனில் சொன்னால் பாதிப் பேர் காதில் 'ஒலியுரை' என்று விழும். குரல் பதிவு என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய 'நிழற்படம்' இருக்கிறதே, அதோடு சேர்த்து 'நிழலுரை' என்றால் என்ன? இத்தனை நேரம் நீங்கள் படித்ததும் நிழலைத்தானே.

காங்கேயத்திலிருந்து

எண்ணெய் நிறம் வந்துவிட்டது அண்ணா! முதல் தடவை அட்டையின் விளிம்பு குப்பியின் தோள் பக்கம் எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். தேன் படம் மாதிரி இல்லை. என் பின்னணி செக்கு மரம், குப்பி நடுவில். நோட்டில் 'நிழலுரை' என்று எழுதிவைத்திருக்கிறேன், மாற்றணுமென்றால் சொல்லுங்க.

பவானியிலிருந்து

கோவைத் தம்பியின் தடை நியாயம். வகுப்பில் ளகர லகரத்தோடு நானும் போராடியிருக்கிறேன். ஆனால் அம்மிணியின் குப்பியில் காரியத்தைக் காட்டிக்கொடுத்தது நிழல் அல்ல, நடுவில் இருந்த வெளிச்சம். நிழலுரை என்று வைத்தால் அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதச் சொல்வீர்கள்? பொருளை இடப்பக்கம் ஒதுக்கி வைத்ததையும் எங்கே எழுதுவது? ஈரோட்டார் சொல்லட்டும்.