இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்த தீனி மூடி

சிப்புட்_பூனைக்காரன்

சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். செம்பனை ஆலையில் வேலை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு ஷிப்ட். அம்மா ஈப்போவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டால் இரண்டு பூனைகளுக்கும் தீனி போட ஆள் கிடையாது. அதனால் காலை 7, மாலை 7 என்று இரண்டு வேளையும் தானாகத் தீனி விழுகிற மாதிரி ஒன்று செய்தேன்.

4 அங்குல பிவிசி குழாயை நிமிர்த்தி வைத்து, அடியில் ஒன்றரை அங்குலமாகக் குறுக்கி, அந்த வாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தகடு. தகட்டை எஸ்ஜி90 என்ற சின்ன செர்வோ மோட்டார் பக்கவாட்டில் தள்ளும். 20 டிகிரியில் மூடியிருக்கும், 90 டிகிரியில் திறக்கும். ஒரு விநாடி திறந்தால் சுமார் 40 கிராம் விழுகிறது, சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தேன். நிரல் ஓட ஆர்டுயினோ நானோ போர்டு, நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரம், செர்வோவின் சிவப்பு வயர் நானோவின் 5V காலில். வேறு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மடிக்கணினியில் இருந்தே சோதித்தேன். ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டாம் என்று 6:58க்கு நிரலை ஏற்றினேன். சரியாக 7க்குத் திறந்தது, ஒரு பிடித் தீனி விழுந்தது, மூடியது. அவ்வளவு சந்தோஷம். 9 மணிக்கு மேல் பழைய போன் சார்ஜரில், மூன்று மீட்டர் வயர் போட்டுச் செருகினேன். செருகியதும் மூடி ஒரு தடவை திறந்து மூடியது, செர்வோ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, மூடிய பிறகு ஒன்றரைக் கிலோ தீனியைக் கொட்டிவிட்டு உடனே பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

காலையில் வந்து பார்த்தால் குழாய் காலி. தரை முழுக்கத் தீனி, எறும்பு வரிசை கட்டி நிற்கிறது, கருப்பன் ஒரு மூலையில் வாந்தி எடுத்து வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுதான் எனக்குப் புரியவே இல்லை. "டக்டக்குனு ரெண்டு மூணு தடவ கேட்டுச்சு தம்பி, அப்புறம் ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல, திரும்பவும் டக்டக். அஞ்சாறு தடவ கேட்டிருக்கும், அப்புறம் நின்னுபோச்சு." நிரலில் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் திறக்கச் சொல்லியிருக்கிறேன். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கோழிக்கூண்டு_மாமா

தம்பி, எனக்கும் இதே கதை. வீட்டுக்குப் பின்னால் பதினைந்து கோழி வளர்க்கிறேன். கடையில் வாங்கிய செர்வோ நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது, அரை மூட்டைத் தீனி ஒரே ராத்திரியில் போயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது 360 டிகிரி செர்வோ. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி நீல நிறம். அதில் 90 என்று எழுதினால் நிற்கும், வேறு எந்த எண் கொடுத்தாலும் சுற்றும். உங்களுடையதும் அதுதான். மாற்றுங்கள், சரியாகிவிடும்.

வயர்மேன்_சேமோர்

செர்வோவை மாற்ற வேண்டாம். மின்சாரம் பத்தவில்லை, அதனால் போர்டு ரீசெட் ஆகிறது. செர்வோவின் சிவப்பு வயருக்கும் பழுப்பு வயருக்கும் நடுவில் ஒரு 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், கதை முடிந்தது. நான் எல்லாவற்றுக்கும் அதைத்தான் செய்கிறேன்.

பலகை_அக்கா

ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் போர்டு பழுது பார்க்கிற வேலை. மாமா, தம்பியின் செர்வோ மடிக்கணினியில் சோதித்தபோது 90க்குப் போய், திரும்ப 20க்கு வந்து நின்றது. 360 டிகிரி செர்வோ என்றால் 20 என்று எழுதினதும் சுற்ற ஆரம்பித்திருக்கும், நிற்காது. அதனால் அது இல்லை. வயர்மேன் அண்ணன் சொன்ன ரீசெட் சரி, ஆனால் ரீசெட் மட்டும் என்றால் இடைவெளி விடாமல் டக்டக் என்றுதானே கேட்க வேண்டும்? நடுவில் இரண்டு நிமிட அமைதி எங்கிருந்து வருகிறது? அந்த இரண்டு நிமிடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தம்பி, உங்கள் `setup` பகுதியை மட்டும் இங்கே போடுங்கள்.

சிப்புட்_பூனைக்காரன்

இதோ அக்கா. கடிகாரம் தயாராக நேரம் கொடுக்கலாம் என்று மூன்று விநாடி வைத்தேன்.

```cpp
void setup() {
  hatch.attach(9);
  rtc.begin();
  rtc.adjust(DateTime(F(__DATE__), F(__TIME__)));
  delay(3000);
  hatch.write(20);
}
```

பலகை_அக்கா

கிடைத்துவிட்டது. இரண்டு தவறு ஒன்றோடு ஒன்று கைகோத்திருக்கிறது, தனித்தனியாக இருந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது.

முதலில் `adjust` வரி. `__TIME__` என்பது நிரலைத் தொகுத்த நேரம், அது நிரலுக்குள்ளேயே பதிந்துவிடும். உங்கள் போர்டில் அது என்றைக்கும் மாலை 6:58தான். போர்டு ஒவ்வொரு முறை ரீசெட் ஆகும்போதும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கடிகாரத்தைப் பிடித்து 6:58க்குத் திருப்பி வைக்கிறீர்கள். இரண்டு நிமிடம் கழித்து 7 ஆகிறது, தீனி நேரம் வந்துவிடுகிறது. 9 மணிக்குச் செருகியபோதும் அதுதான் நடந்தது, அப்போது நீங்கள் பைக்கில் இருந்தீர்கள்.

அடுத்தது `attach`. செர்வோ லைப்ரரியில் கோணம் எதுவும் சொல்லாமல் `attach` செய்தால், 1500 மைக்ரோ விநாடித் துடிப்பு போகும். அது நடு நிலை, ஏறக்குறைய 90 டிகிரி. உங்களுக்கு 90 என்றால் திறந்த நிலை! அப்புறம் மூன்று விநாடி காத்திருக்கிறீர்கள். செருகியதும் மூடி திறந்தது என்று எழுதினீர்களே, அது இதுதான். ஒவ்வொரு ரீசெட்டுக்கும் மூன்று விநாடி, உங்கள் கணக்குப்படியே 120 கிராம்.

ரீசெட் எப்போது வருகிறது என்றால், திறக்கும்போது இல்லை, மூடும்போது என்று நினைக்கிறேன். திறக்கும்போது தகட்டுக்கு எதிரே எதுவும் இல்லை. மூடும்போது ஒரு தீனித் துண்டு விளிம்பில் மாட்டிக்கொள்கிறது, செர்வோ அதோடு மல்லுக்கட்டுகிறது. சும்மா அசையும்போது நூறு, இருநூறு மில்லி ஆம்பியர் எடுக்கிற எஸ்ஜி90, சிக்கி நின்றுவிட்டால் 700 வரைக்கும் இழுக்கும். மூன்று மீட்டர் மெல்லிய வயர் அதைத் தாங்காது, வோல்ட் சரிகிறது, சிப் ரீசெட் ஆகிறது. உடனே மூடி திரும்பத் திறக்கிறது, மூன்று விநாடி கொட்டுகிறது, மறுபடி மூடப் பார்க்கிறது, மறுபடி சிக்குகிறது. அதுதான் அந்த டக்டக். ஒரு துண்டு நொறுங்கி ஒருவழியாக மூடிக்கொண்டால் இரண்டு நிமிட அமைதி. ஒரு சுற்றுக்கு இரண்டு ரீசெட் என்று வைத்தாலும் 40ம் 240ம் சேர்ந்து 280 கிராம், ஐந்தாறு சுற்றில் ஒன்றரைக் கிலோ தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா எண்ணியது சரியாகத்தான் இருக்கிறது. தீனி தீர்ந்த பிறகு சிக்க எதுவும் இல்லை, அதனால் நின்றது. மடிக்கணினியில் ஒரு பிடித் தீனி போட்டுச் சோதித்தபோது ஏன் வரவில்லை என்பதற்கும் இதுதான் பதில். மூடுவதற்குள் எல்லாமே விழுந்துவிட்டது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். `setup` தொடக்கத்தில் 13ஆம் கால் விளக்கை ஐந்து தடவை மினுக்க வையுங்கள். குழாயைக் காலி செய்து, அதே சார்ஜர், அதே வயரில் செருகுங்கள். மூடும்போது செர்வோவின் கையை விரலால் ஒரு நொடி மட்டும் பிடியுங்கள், ரொம்ப நேரம் பிடித்தால் பல் சக்கரம் போய்விடும். விளக்கு மறுபடி மினுங்கினால் ரீசெட். சீரியல் மானிட்டரைத் திறந்து பார்க்க வேண்டாம், அதைத் திறப்பதே நானோவை ஒரு தடவை ரீசெட் செய்யும், குழம்பிவிடுவீர்கள். மல்டிமீட்டரும் உதவாது, அந்தச் சரிவு அதன் எண் மாறுவதற்குள் முடிந்துவிடும்.

வயர்மேன்_சேமோர்

அப்படியென்றால் கெப்பாசிட்டர் போட்டால் ரீசெட்டே வராதே. எனக்கு வேலை செய்கிறது.

பலகை_அக்கா

போடலாம் அண்ணா, நானும் போடுவேன். செர்வோ கிளம்பும்போது வருகிற ஒரு வெட்டு இழுப்பை அது தாங்கும். ஆனால் சிக்கி நிற்பது வேறு. 1000 மைக்ரோ ஃபாரட், 700 மில்லி ஆம்பியர், ஒரு வோல்ட் சரிய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டால் ஒன்றரை மில்லி விநாடிகூட வராது. துண்டு மாட்டிக்கொண்டு அரை விநாடி நின்றால் கெப்பாசிட்டர் என்ன செய்யும்? 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரில் இருந்து செர்வோவுக்குத் தனி வயர், நானோவுக்குத் தனி வயர் போக வேண்டும், செர்வோவின் மின்சாரம் நானோ வழியாகப் போகவே கூடாது. இரண்டு அடாப்டர் வைத்தால் கிரவுண்டை மட்டும் கண்டிப்பாக ஒன்றாகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் புரியாமல் செர்வோ நடுங்கும்.

நிரலில் மாற்ற வேண்டியது இவ்வளவுதான்:

```cpp
hatch.write(20);
hatch.attach(9);
rtc.begin();
if (rtc.lostPower()) {
  rtc.adjust(DateTime(F(__DATE__), F(__TIME__)));
}
```

`write` முன்னால், `attach` பின்னால். அப்போது முதல் துடிப்பே 20க்குப் போகும். கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்து நேரம் தொலைந்திருந்தால் மட்டும் `adjust` நடக்கும். ஒன்று கவனம்: ஆறு மாதம் கழித்துப் பேட்டரி மாற்றினால் இந்த வரி ஆறு மாதத்துக்கு முந்தைய நேரத்தை வைத்துவிடும், அன்றைக்கு `if` இல்லாமல் ஒரு தடவை ஏற்றி நேரத்தைச் சரி செய்துவிட்டு, உடனே `if` உள்ள நிரலை ஏற்ற வேண்டும். இப்போதும் உங்கள் கடிகாரம் தவறான நேரத்தில்தான் ஓடுகிறது, அதனால் இன்றைக்கும் அப்படியே செய்யுங்கள்.

கோழிக்கூண்டு_மாமா

சரி அம்மா, என்னுடையது வேறு கேஸ் போல. ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் சாயங்காலம் இடி மழை வந்தால் மின்சாரம் போய்விடும். சரியாக 7 மணிக்குப் போனால் அந்த வேளை பட்டினியா?

பலகை_அக்கா

நிரல் 7:00 என்ற நிமிடத்தை மட்டும் பார்த்தால் பட்டினிதான் மாமா. கடைசியாகப் போட்ட வேளையை, மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் எழுதி வைத்து, மின்சாரம் வந்ததும் "இந்த வேளை போட்டாயிற்றா" என்று பார்க்கச் சொல்லலாம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை எழுதுவதில் ஈஈப்ராம் தேய்ந்துபோகாது. ஆனால் திறப்பதற்கு முன்னால் எழுதுவதா, மூடிய பிறகு எழுதுவதா? முன்னால் எழுதினால் நடுவில் மின்சாரம் போகும்போது ஒரு வேளை தவறும். பின்னால் எழுதினால் இரண்டு தடவை விழும். நான் முன்னால் எழுதுவேன்.

வயர்மேன்_சேமோர்

நான் பின்னால்தான். இரண்டு பங்கு சாப்பிட்டால் பூனைக்கு ஒன்றும் ஆகாது.

சிப்புட்_பூனைக்காரன்

அண்ணா, கருப்பன் வாந்தி எடுத்ததை நான் துடைத்தேன், அதனால் அக்கா சொன்ன மாதிரி முன்னால்தான் எழுதப் போகிறேன்.

விரலால் பிடித்துப் பார்த்தேன். மூன்று தடவை பிடித்தேன், மூன்று தடவையும் விளக்கு ஐந்து முறை மினுங்கியது. பிறகு செர்வோவுக்குத் தனி வயர் போட்டேன், பிடித்தாலும் மினுங்கவில்லை. தகட்டின் விளிம்பையும் அரம் வைத்துச் சரிவாகத் தேய்த்தேன், துண்டு மாட்டினாலும் நழுவி வெளியே வந்துவிடுகிறது. நிரலை மாற்றிப் பதினெட்டு நாள் ஆயிற்று, அதில் ஒரு வாரம் இரவு ஷிப்ட். தினமும் இரண்டு வேளை, ஒன்றுகூடத் தவறவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது. போன வியாழக்கிழமை மழையில் மின்சாரம் போய் வந்தபோது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தகடு ஒரு விரல் நகம் அளவுக்கு வெட்டித் துள்ளி மூடிக்கொண்டது, நாலைந்து துண்டு விழுந்தது. `write` முன்னால்தான் இருக்கிறது, மூன்று விநாடிக் காத்திருப்பையும் எடுத்துவிட்டேன். துடிப்பு வருவதற்கு முன்பே செர்வோ தானாகத் துள்ளுகிறதா?

பலகை_அக்கா

மலிவான அனலாக் செர்வோக்களில் மின்சாரம் ஏறும்போது அப்படி ஒரு துள்ளல் இருக்கும், நிரல் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே. சிக்னல் வயரில் இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். சில செர்வோவில் அடங்குகிறது, சிலதில் அடங்கவில்லை. அடங்காவிட்டால் செர்வோவின் மின்சாரத்தையே ஒரு மாஸ்ஃபெட் சுவிட்ச் வழியாகக் கொடுத்து, துடிப்பு ஓட ஆரம்பித்த பிறகு திறந்துவிட வேண்டும், ஆனால் அப்போதும் துள்ளாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

சிப்புட்_பூனைக்காரன்

10 கிலோ ஓம் வீட்டில் இருக்கிறது. அடுத்த மழைக்குப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.