அஜெண்டா இல்லாமல் நடந்த கூட்டம்: திரும்பி வந்த விஷயத்தை எங்கே வைப்பது?

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காபி விவசாயிகள் கூட்டம் அஜெண்டா இல்லாமலே நடந்தது. ஒலிப்பதிவை எழுத்தாக்கிவிட்டேன், இப்போது பேசிய வரிசையில் அஜெண்டா தயாரிக்க வேண்டும்.

தலைவர் "சரி, அப்புறம்" என்று சொன்ன இடங்களிலெல்லாம் கோடு போட்டேன். ஆனால் அவர் சொல்லாமலும் பேச்சு மாறுகிறது. மிளகு நாற்றில் தொடங்கி, காட்டெருமை வேலிக்குப் போய், டீக்குப் பிறகு மறுபடி மிளகுக்கே வருகிறது. முதலில் விலை விசாரித்ததோடு சரி. யார் வாங்கி வருவது என்பது இரண்டாவது முறைதான் முடிவானது.

இரண்டையும் சேர்த்தால் வரிசை பொய்யாகிவிடும். அதனால் 1. மிளகு நாற்று விலை, 2. வேலி, 3. மிளகு நாற்று வாங்குதல் (1-இன் தொடர்ச்சி) என்று பிரித்திருக்கிறேன். முடிவைத் தலைப்பில் சொல்லவில்லை. சங்கத் தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகியவர்களே, இது சரியா?