அதிமதுரப் பொடியால் பிரஷர் ஏறுமா?

தேன்மொழி
அப்பாவுக்கு 63 வயது. பிரஷருக்கு அம்லோடிபின், அதோடு நீர் பிரிவதற்கு குளோர்தாலிடோன் என்று இரண்டு மாத்திரை. 130/80-ல் நின்றுகொண்டிருந்தது, இப்போது 168/96. காலும் வீங்கியிருக்கிறது, மாடிப்படி ஏறினால் தொடை துவண்டுபோகிறது என்கிறார். நீர் மாத்திரையைக் கூட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான்: நெஞ்செரிச்சலுக்காக ஆறு வாரமாக தினம் இரண்டு வேளை ஒரு டீஸ்பூன் அதிமதுரப் பொடி. அது காரணமாக இருக்குமா?

பச்சிலை
இருக்காது. காலங்காலமாகச் சாப்பிட்டு வரும் வேர் அது. வாங்கிய பொடியில் கலப்படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அம்லோடிபினே கால் வீக்கம் தரும், அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

கீதா_மருந்தகம்
அம்லோடிபின் கால் வீக்கம் தரும், உண்மைதான். ஆனால் அது பிரஷரை ஏற்றாது, தொடையைத் துவள வைக்காது. மூன்றும் ஒன்றாக வந்தால் நான் முதலில் கேட்பது பொட்டாசியம் எவ்வளவு என்றுதான்.

தேன்மொழி, பொடியை இன்றே நிறுத்துங்கள். நீர் மாத்திரையைக் கூட்டும் முன் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ஈசிஜியும். டாக்டரிடம் பொடியைப் பற்றிச் சொன்னீர்களா? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, மருந்தென்று நினைப்பதில்லையே.

காரணம் இதுதான். நம் ரத்தத்தில் கார்டிசால் எப்போதும் நிறைய ஓடிக்கொண்டிருக்கும். உப்பைப் பிடித்துவை, பொட்டாசியத்தை வெளியேற்று என்று சிறுநீரகத்துக்குக் கட்டளை போடுவது ஆல்டோஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோன். விபரீதம் என்னவென்றால், அந்தக் கட்டளையைக் கார்டிசாலும் போட முடியும். அதனால் சிறுநீரகம் வாசலில் ஒரு நொதியைக் காவலுக்கு வைத்திருக்கிறது. வரும் கார்டிசாலை அது செயலற்றதாக மாற்றி அனுப்பிவிடும். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், குடலில் உடைந்து வேறொன்றாகி, அந்தக் காவலை முடக்கிவிடுகிறது. பிறகென்ன, உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும். கலப்படமே இல்லாத, அசல் வேராக இருந்தால்தான் இது நன்றாக நடக்கும்!

பச்சிலை
ஒரு டீஸ்பூனுக்கா இவ்வளவு? அப்படியானால் சாப்பிடுகிற எல்லோருக்கும் பிரஷர் ஏறியிருக்க வேண்டுமே. வயிற்றுக்கு இது நல்லது என்பதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

கீதா_மருந்தகம்
தாராளமாக. 1940களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது. சிலருக்கு முகமும் காலும் வீங்கின. இரண்டையும் எழுதி வைத்தவர் அவரேதான்.

அளவுக்கு வருவோம். டீஸ்பூன் சுமார் 3 கிராம், இரண்டு வேளைக்கு 6 கிராம். வேரில் கிளைசிரைசின் எவ்வளவு என்பது வேருக்கு வேர் ரொம்பவே மாறும். 5 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் தினம் 300 மில்லிகிராம். பெரியவர்களுக்கு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பதுதான் ஐரோப்பாவில் வைத்த வரம்பு. அதுவும் முழுப் பாதுகாப்பான கோடு இல்லை. ஸ்வீடனில் லின்கோபிங் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் 28 பேருக்கு அந்த 100-ஐயே இரண்டு வாரம் கொடுத்தார்கள், 2024-ல் முடிவு வந்தது. மேல் பிரஷர் சராசரியாக 3 புள்ளி ஏறியிருந்தது. சிலருக்கு அதைவிட அதிகம். ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் சொல்ல முடிகிறது.

இவர் அப்பா ஏற்கெனவே நீர் மாத்திரை எடுக்கிறார். அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதுதான். ஒரே பானையில் இரண்டு ஓட்டை.

முகில்90
எனக்கு எப்போதும் லோ பிரஷர், 95/60 தான். அப்போ நான் தினமும் சாப்பிட்டால் நல்லதுதானே?

கீதா_மருந்தகம்
வேண்டாம் தம்பி. பிரஷர் ஏறுவதைப் பார்க்கலாம், கூடவே பொட்டாசியம் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. இதயத் துடிப்பு தாறுமாறாகும்போதுதான் தெரியும்.

வேலு.ப
கிளைசிரைசினை நீக்கிய அதிமதுரம் என்று மாத்திரையாக வருகிறது, அதற்கு மாறிக்கொள்ளலாம். பொட்டாசியம் உள்ள பழங்களை நன்றாகச் சாப்பிட்டால் குறைந்ததும் சரியாகிவிடும். இதற்குப் போய் ஏன் பயமுறுத்த வேண்டும்?

கீதா_மருந்தகம்
முதல் பாதி சரி, லேபிளில் நீக்கியது என்று தெளிவாக இருந்தால். இரண்டாவது பாதி தப்பு வேலு சார். காவல் முடங்கியிருக்கும்வரை மேலே ஊற்றுவது கீழே போய்க்கொண்டே இருக்கும். ரொம்ப இறங்கிவிட்டால் பழம் போதாது, மருத்துவமனையில் அளந்து கொடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர் தானாகப் பொட்டாசியம் ஏற்றிக்கொண்டால் அது எதிர்ப்பக்க ஆபத்து.

தேன்மொழி
பொட்டாசியம் 2.7, ரொம்பக் குறைவாம். நல்லவேளை, மாத்திரையைக் கூட்டவில்லை. ஈசிஜியிலும் மாற்றம் இருந்ததால் உடனே சேர்த்துவிட்டார்கள். ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டியாக இருக்குமோ என்று ஸ்கேன் பேச்சு வந்தது. அப்போதுதான் பொடி டப்பாவை எடுத்துக் காட்டினேன். ஆல்டோஸ்டிரோனையும் அதைத் தூண்டிவிடும் ரெனினையும் பார்த்தார்கள், இரண்டுமே குறைவு.

கீதா_மருந்தகம்
அதுதான் துப்பு. கட்டியாக இருந்தால் ஆல்டோஸ்டிரோன் கூடியிருக்கும். இங்கே கட்டளை வேறு இடத்திலிருந்து வருவதால் உடம்பு தன் சொந்த ஆல்டோஸ்டிரோனை அடக்கி வைத்திருக்கிறது. பொடியை நிறுத்திய மறுநாளே சரியாகிவிடாது, ஒன்றிரண்டு வாரம் இழுக்கும், சிலருக்கு இன்னும் கூட. வீட்டுக்கு வந்த பிறகும் பொட்டாசியத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

பச்சிலை
அப்பா தேறட்டும் அம்மா. நீர் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் குற்றவாளி மாத்திரையா பொடியா என்று நீங்கள் நிரூபிக்கவில்லை. மாத்திரை மட்டுமேகூட இப்படி இறக்கும்.

கீதா_மருந்தகம்
பொட்டாசியத்தை மாத்திரை மட்டுமே இறக்கியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நீர் மாத்திரையால் பிரஷர் 168-க்கு ஏறாது, ரெனினும் அடங்காது, கூடத்தான் செய்யும்.

நான் கடையில் யாருக்குக் கொடுக்க மாட்டேன் என்று கேட்டால்: பிரஷர் உள்ளவர், இதயம் அல்லது சிறுநீரகம் பலவீனமானவர், நீர் மாத்திரையோ, இதயத்துக்கான டிகாக்சினோ, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டோ எடுப்பவர், மலமிளக்கியைத் தினம் எடுப்பவர், கர்ப்பிணி. டிகாக்சின்காரர்களை இரண்டு முறை கேட்பேன், பொட்டாசியம் இறங்கினால் அந்த மருந்தே விஷமாகிவிடும்.

முகில்90
தொண்டைக்குத் தினம் நாலு அதிமதுர மிட்டாய் சப்புகிறேன். அதையும் விடணுமா?

கீதா_மருந்தகம்
லேபிளில் கிளைசிரைசின் அளவு போட்டிருக்கிறதா?

முகில்90
இல்லை. "அதிமதுரச் சாரம்" என்று மட்டும்தான்.

வேலு.ப
நாலு மிட்டாயில் என்ன ஆகப்போகிறது, சாப்பிடு.

கீதா_மருந்தகம்
சாரமென்றால் வேரைவிட அடர்த்தியாகவும் இருக்கலாம், வாசனைக்கு ஒரு துளியாகவும் இருக்கலாம். இந்த லேபிளை வைத்து என்னால் சொல்ல முடியாது. பத்து நாள் சப்பிவிட்டு பிரஷரைப் பார், காலையில் உட்கார்ந்து, ஒரே கையில்.

தேன்மொழி
மூன்று வாரம் ஆகிறது. 136/84, பொட்டாசியம் 4.1. மாடிக்கு ஏறிவிட்டார். நெஞ்செரிச்சல்தான் திரும்பி வந்திருக்கிறது.