கலைச்சொல்: பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பரசி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் தோட்டப்புறத்தில் 60 கட்டில் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் தரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மருத்துவமனை எப்படி நடக்கிறது என்பதை நான்கு பக்கமாக அளந்து பார்க்கும் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டை அடுத்த மாதம் தொடங்குகிறோம். நிர்வாகத்துக்கு ஆங்கிலத்திலும் மலாயிலும் தாள் தயார். வார்டு உதவியாளர்கள், துப்புரவுக்காரர்கள், மருந்தகப் பிள்ளைகள் எல்லாரும் தங்களுக்குள் பேசுவது தமிழில். அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும்.

'சமச்சீர் மதிப்பெண் அட்டை' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். ஒரு அக்கா உடனே கேட்டார்: "மார்க் யாருக்கும்மா, எனக்கா? போனஸ்ல கை வைப்பாங்களா?" அதோடு அந்தப் பெயரை மடித்து வைத்துவிட்டேன்.

இன்னொரு தொல்லை. நிதி, நோயாளி, உள்வேலை, கற்றலும் வளர்ச்சியும் என்ற நான்கிலும் ஆளாளுக்குச் சேர்த்து அளவைகள் 31 ஆகிவிட்டன.

மாறன்:

'சமச்சீர்' தப்பில்லை அக்கா. நான்கு பக்கத்துக்கும் 25 விழுக்காடு வீதம் சமமாகப் பிரிப்பதால்தான் அந்தப் பெயர். வேண்டுமானால் 'நான்முக ஏடு' என்று வையுங்கள், சுருக்கமாக இருக்கும்.

துரைசாமி:

தம்பி மாறன், பாதி சரி. நான்கு பக்கம் உண்மை. 25 விழுக்காடு யாரும் போட்ட விதி அல்ல. 1992இல் கப்லானும் நார்ட்டனும் இதை எழுதியபோது, பணக் கணக்கை மட்டும் பார்த்து நிறுவனத்தை ஓட்டாதே என்பதுதான் பேச்சு. காசைக் காட்டும் அளவைக்குப் பக்கத்தில் காசு அல்லாததும் இருக்க வேண்டும். முடிவைக் காட்டுவதற்குப் பக்கத்தில் அந்த முடிவை உண்டாக்குவதும் இருக்க வேண்டும். 'சமச்சீர்' என்றால் எல்லாரும் மாறனைப் போலத்தான் 25 போடுவார்கள். நான்முகன் ஏடு என்றால் அது தலையெழுத்து, திருத்த முடியாது. அதுவும் வேண்டாம்.

அன்பரசி, 31 அளவையையும் ஓரமாக வையுங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அதிகம் குறைப்படுவது எதைப் பற்றி? அதிலிருந்து ஒரு சங்கிலி பிடித்துக்கொண்டு வாருங்கள்.

பாக்கியம்:

குறை எழுதலாம் என்கிறீர்களா? அப்படியானால் என்னுடையது. போன வருடம் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேசன், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். காலை 9 மணிக்கு டாக்டர் வந்து "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். நான் பையெல்லாம் கட்டிவிட்டேன். அவர் தியேட்டருக்குள் போய், தாள் எழுதியது 1.30க்கு. மருந்து, பில் எல்லாம் முடிய 3 மணி. அதன் பிறகு, பில்லுக்குப் பொறுப்பேற்று இன்சூரன்சிலிருந்து அனுப்பும் கடிதம், கடைசி ஜீ.எல்., வரணும் என்றார்கள். அது வந்தது 5.10. கையெழுத்துப் போட்டுக் கிளம்பும்போது 5.30. அம்மா மத்தியானச் சாப்பாடும் சரியாகச் சாப்பிடவில்லை. இதற்கு யாரிடம் புகார் கொடுப்பது?

அன்பரசி:

பாக்கியம்மா, இது சொல் தேடும் குழு. ஆனால் நீங்கள் எழுதியது எங்கள் வார்டில் நடப்பதே. ஒரு வெட்கக்கேடு சொல்கிறேன்: எங்கள் 31இல் 'வீடு திரும்பும் நேரம்' இருக்கிறது, சராசரி 25 நிமிடம், பச்சை நிறம்!

துரைசாமி:

கடிகாரத்தை எங்கே தொடங்குகிறீர்கள் என்று கேட்கவே வேண்டாம். ஜீ.எல். வந்து பில் முடிந்த பிறகு. அந்த முறையில் பார்த்தால் பாக்கியம்மாவின் தாயார் காத்திருந்தது 20 நிமிடம். டாக்டர் வாய் திறந்ததிலிருந்து எண்ணினால் எட்டரை மணி நேரம். நோயாளி பக்கத்தில் வைக்க வேண்டியது இரண்டாவது. சராசரியையும் நம்பாதீர்கள், நான்கு மணி நேரத்துக்குமேல் காத்திருந்தவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இப்போது சங்கிலி. உள்வேலையில், 10 மணிக்குள் டாக்டர் எழுதி முடித்த தாள்கள் எத்தனை. நாளை போகப்போகிறவரின் பில்லையும் மருந்தையும் முந்தின நாளே தொடங்கியது எத்தனை. கற்றலில், அந்த முந்தின நாள் வேலையைத் தனியே செய்யத் தெரிந்த தாதியர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கிறார்களா. 'பயிற்சி மணி நேரம்' என்று போடாதீர்கள், அது நாற்காலியில் உட்கார்ந்ததற்கான கணக்கு. இந்த நாட்டில் தனியார் ஆஸ்பத்திரி டாக்டர்கள் பெரும்பாலும் சம்பள ஆட்கள் அல்ல, அவர்களை உங்கள் பயிற்சிப் பட்டியல் பிடிக்காது. 10 மணித் தாளுக்கு அவர்களிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

மாறன்:

நிதியில் கட்டில் நிரம்பும் விகிதம் போட்டால் முடிந்ததல்லவா, ஐயா? சீக்கிரம் அனுப்பினால் அது குறையுமே?

துரைசாமி:

நல்ல கேள்வி. அந்த விகிதத்தை வழக்கமாக நள்ளிரவு எண்ணிக்கையிலிருந்து எடுப்பார்கள். சாயங்காலம் 5.30க்குப் போகிறவரும் காலை 11க்குப் போகிறவரும் அதில் ஒன்றே. பகல் 11 மணிக்கு அவசரப் பிரிவில் ஒருவர் கட்டிலுக்குக் காத்திருப்பது அதில் தெரியவே தெரியாது. அன்பரசி, கட்டில் இல்லை என்று வேறு இடத்துக்கு அனுப்பினவர்களை எழுதி வைக்கிறீர்களா?

அன்பரசி:

அவசரப் பிரிவு நோட்டில் இருக்கிறது. போன மாதம் எண்ணினேன்: 14 பேர். அதில் 11 பேர் திங்கள் முதல் புதன் வரை, எல்லாம் மத்தியானத்துக்கு முன்னால். மாத சராசரியோ 60 கட்டிலில் 38 தான் நிரம்பியது. அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் உறைக்கவில்லை.

துரைசாமி:

அப்படியானால் நிதிப் பக்கத்தின் அளவை கிடைத்துவிட்டது: கட்டில் இல்லாமல் திருப்பி அனுப்பியவர்கள், அதனால் போன வருமானம். காலியாகவே கிடக்கும் வெள்ளிக்கிழமையில் சீக்கிரம் அனுப்பி ஒரு காசும் வராது, அதையும் மேலிடத்திடம் சொல்லிவிடுங்கள். எதிர்க் காவலாக, ஒரு மாதத்துக்குள் மறுபடி வந்து சேர்ந்தவர்களையும் எண்ணுங்கள். அவசரப்பட்டு அனுப்பினால் அதில் தெரியும்.

ஏய்ப்பும் நடக்கும். டாக்டர் 9 மணிக்குச் சொன்னதைத் தாதி 1 மணிக்குக் குறித்தால் எல்லாம் மறுபடி பச்சை. மாதம் பத்து நோயாளிகளைக் கூப்பிட்டு, "டாக்டர் எப்போது சொன்னார்?" என்று கேட்டால் குட்டு வெளிப்படும்.

சரவணன் வாத்தியார், சுங்கை சிப்புட்:

இத்தனை பேச்சில் சொல்லை மறந்துவிட்டீர்கள். இங்கே இரண்டு வகை அளவை ஓடுகிறது: முடிந்ததைச் சொல்வது, வரப்போவதைச் சொல்வது. அகராதிக்காரர்கள் 'பிந்துகாட்டி, முந்துகாட்டி' என்பார்கள். வார்டு அக்காவுக்குப் பிடிபடுமா?

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கிராணி பாலை நிறுத்து எழுதுவார். கங்காணி மரத்துக்கு மரம் போய் வெட்டைப் பார்ப்பார். ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூடும், கிராணி நோட்டு அழகாக இருக்கும். கத்தி கட்டையைத் தொட்டால் பட்டை காயம்பட்டு முண்டு முண்டாக ஆறும், அந்த இடத்தில் பிறகு கத்தியே ஓடாது. கிராணி நோட்டில் அது தெரிய வருடக்கணக்காகும், கங்காணிக்கு அன்றைக்கே தெரியும். ஆகவே 'பாலளவை', 'வெட்டளவை'.

துரைசாமி:

அருமை வாத்தியாரே. ஆனால் சென்னையில் படிப்பவர் 'பாலளவை' என்றால் ஆவின் என்று நினைப்பார். பொதுப் பட்டியலுக்கு முந்துகாட்டி, பிந்துகாட்டியே இருக்கட்டும்.

மாறன்:

எண்ணெய்ப் பனை வந்து எத்தனை வருடமாச்சு, எங்கள் வயதுக்காரர்கள் பால்மரம் வெட்டிப் பார்த்ததே இல்லையே, சார்.

அன்பரசி:

நேற்றுப் பகல் ஷிப்டில் சொல்லிப் பார்த்தேன். போனஸ் கேட்ட அதே அக்கா, "அப்போ பத்து மணித் தாள் வெட்டு, திரும்பிப் போன ஆளு பால்" என்றார். இருபது வயதுப் பெண் ஒருத்தி மட்டும் விழித்தாள், அக்காவே அவளுக்கு விளக்கினார்.

பலகையில் இப்போதைக்கு ஆறு அளவை. தலைப்பு 'நாற்புறப் பலகை' என்று போட்டிருக்கிறேன். 'அளவை' சேர்க்கணுமா வேண்டாமா என்று வாத்தியாருக்கும் துரைசாமி ஐயாவுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. ஜீ.எல். வரும் நேரத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது? அது எங்கள் கையில் இல்லையே.

பாக்கியம்:

எங்கேயாவது வையுங்கள். ஆனால் எழுதி வையுங்கள்.