உதவி: ஹோட்டல் செஃப் வீடியோ இன்டர்வியூ, மொழிபெயர்க்கும்போது பேச்சு மோதுகிறது

செல்வி: அவசரம். நாளை காலை அண்ணனின் வேலைக்கு இறுதிச் சுற்று, நான்தான் மொழிபெயர்க்கிறேன். இன்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் செஃப்பும் பேசுகிறார், ஒன்றும் கேட்கவில்லை. "எத்தனை கவர்ஸ்?" என்றார். மூடி என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். அண்ணன் விழித்தார். என்ன செய்ய?

குமரன்: எந்த ஆப்? யார் எங்கே? என்ன வேலை?

செல்வி: ஜூம். செஃப் தோஹா, அண்ணன் மதுரை, நான் சென்னை. சிடிபி வேலை, அதாவது கிச்சனில் ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்ளும் செஃப், இந்தியன் செக்‌ஷன். நான் ப்ளூடூத் ஹெட்செட்.

ராஜா: நெட் ஸ்பீடுதான் பிரச்சினை. பெரிய பிளான் போடுங்கள்.

மீனாட்சி: ஸ்பீடு மட்டும் போதாது, ராஜா. குரல் போய்ச் சேரும் தாமதம்தான் மோதலுக்குக் காரணம். ப்ளூடூத் அதைக் கூட்டும், வயர் இயர்போன் போடுங்கள். அப்புறம், தொடங்கும் முன்பே செஃப்பிடம் சொல்லிவிடுங்கள்: ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, பேசி முடித்ததும் கை காட்ட வேண்டும். அதன்பின் இரண்டு விநாடி விட்டுப் பேசுங்கள். படம் உறைந்தால் ஊகித்து நிரப்பாதீர்கள், திரும்பக் கேளுங்கள்.

கவர் என்பது உட்கார்ந்து சாப்பிடும் ஒரு ஆள். நம் பந்திக் கணக்கில் ஒரு இலை. ஆனால் அண்ணன் "கல்யாணத்தில் 800 இலை" என்றால் கல்யாணம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரெஸ்டாரன்டில் ஒரே இரவில் 800 பேருக்கு ஆர்டர்படி சமைத்தார் என்று செஃப் நினைப்பார். மீஸான் பிளாஸ், ரூ போன்ற பிரெஞ்சுச் சொற்களை அப்படியே விடுங்கள். சமையல்காரருக்கு அவை தெரியுமா என்று பார்ப்பதும் தேர்வுதான்.

பழைய ஆள்: கவர் தெரியாமல் கிச்சன் இன்டர்வியூவுக்கு ஏன் போகிறீர்கள்? ஒரு நாள் கிச்சனில் நின்றிருந்தால் இது தெரியும்.

ஜெயா: என் மாமாவுக்கு பஹ்ரைனில் இப்படித்தான் நடந்தது. "சமைத்ததை எந்தச் சூட்டில் வைப்பாய்?" என்றார்கள். "கை பொறுக்காத சூடு" என்றார். மொழிபெயர்த்தவர் அப்படியே சொல்ல, வேலை போனது. 63 டிகிரி என்று சொல்லியிருக்கலாம்!

மீனாட்சி: அது மாமாவின் பதில் இல்லையே. பிரிட்டன் விதி 63, அமெரிக்க விதி 57. எதை அவர் வாயில் வைப்பது? "டிகிரியில் சொல்ல முடியுமா என்று கேட்கட்டுமா?" என்று செஃப்பிடம் அனுமதி வாங்கிக் கேட்கலாம். அதற்கு மேல் கூடாது.

ஜெயா: ஏழை வேலைக்குப் போகிறான், ஒரு எண்ணைச் சேர்த்தால் என்ன?

பழைய ஆள்: நாளைக்குக் குழம்பு கெட்டு 200 பேர் வாந்தி எடுத்தால் தெரியும்.

குமரன்: மொழிபெயர்ப்பை விட்டு எங்கோ போய்விட்டோம். செல்வி, அண்ணன் போனிலா கணினியிலா?

செல்வி: முடிந்தது. போன்தான். வயரும் கை காட்டுவதும் நன்றாக உதவின. நடுவில் மதுரைப் பக்கம் ஒருமுறை அறுந்தது, கேள்வியை மறுபடி கேட்க வைத்தேன். முடிவு அடுத்த வாரமாம். நன்றி.

ஜெயா: சூடு பற்றிக் கேட்டார்களா?