மஞ்சள் விரலியில் பழுப்பு வளையம்: படம் பார்த்துச் சொல்லுங்க

ஊர் தாளவாடி பக்கம், செம்மண், ஈரோடு நாட்டு ரகம். வைகாசியில் நட்டது, இப்போதுதான் வெட்டினோம். ஐப்பசி மழையில் பள்ளத்துப் பாத்திகளில் தண்ணீர் நின்றது, அப்புறம் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காய்ந்தன, தண்டை இழுத்தால் கையோடு வந்தது. காப்பர் ஆக்சி குளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரில் ஊற்றினோம், வடிகாலும் வெட்டிவிட்டோம், மேட்டுப் பாத்திகளுக்குப் பரவவில்லை.

முதல் படம் பள்ளத்துக் கிழங்கு. அமுக்கினால் கொழகொழவென்று நீர் விடுகிறது, நாற்றமும் இருக்கிறது, அதைத் தனியாக ஒதுக்கிவிட்டோம். குழப்பம் இரண்டாவது படத்தில்தான். மேட்டுப் பக்கத்து விரலி, வெளியே தோல் கெட்டி, முனை உறுதி, ஆனால் ஒடித்துப் பார்த்தால் சிலவற்றில் தாய்க்கிழங்கோடு ஒட்டிய இடத்தில் மட்டும் ஆரஞ்சு நிறம் மங்கி பழுப்பு வளையம் தெரிகிறது. கழுவி, நிழலில் வைத்து, வெயில் வெளிச்சத்தில் எடுத்த படம், ஃபிளாஷ் போடவில்லை, அதனால் நிறம் நம்பலாம். வெட்டிய துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டும் பார்த்தேன், பால் மாதிரி எதுவும் இறங்கவில்லை, அதனால் பாக்டீரியா வாடல் இல்லை என்று நினைக்கிறேன்.

இந்த வளையம் அழுகலின் ஆரம்பம்தானா, அந்தப் பாத்தி விரலியை விதைக்கு நிறுத்தலாமா?